36 ரூபாய் மிச்சம்: குழுப் பொருளுக்கு விலை வைக்கும் மூன்று வழிகள்

சென்ற ஆண்டு ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் 12 பெண்கள் நடத்தும் குழு அது. இட்லிப் பொடி இரண்டு ஈடு போட்டு, 200 கிராம் பொட்டலங்களாக 38 கட்டி, திருச்செந்தூர்ச் சாலையில் இருக்கும் ஒரு கடைக்குக் கொடுத்திருந்தார்கள். பொட்டலத்துக்கு 60 ரூபாய் விலை. கடைக்காரர் தம் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு 48 வீதம் 1,824 ரூபாய் கொடுத்திருந்தார். செலவுப் பக்கத்தைக் கூட்டினேன். 1,788 ரூபாய். இருவர் இரண்டு நாள் அரைப்பொழுது, அதாவது மொத்தம் 16 மணி நேரம், அடுப்படியில் நின்றதற்கு மிஞ்சியது 36 ரூபாய்.

யாரும் ஏமாற்றவில்லை. பொடி நன்றாக இருந்தது, கடைக்காரரும் நேர்மையானவர். விலை வைத்த முறைதான் அவர்களுடைய கூலியைத் தின்றிருந்தது. அதே குழு பனை ஓலைப் பெட்டியும் முடைகிறது. ஒரே குழுவில் இப்படி இரண்டு விதப் பொருள்கள் இருந்ததால்தான் எந்த முறை எங்கே தவறுகிறது என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பொடியில் சரக்கின் செலவு அதிகம், கைவேலை குறைவு. பெட்டியில் சரக்கு சொற்பம், கைவேலைதான் எல்லாமே. ஒரே சூத்திரத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்தால் அதன் குறை உடனே வெளியே வந்துவிடும்.

குழுக்கள் விலை வைக்கும் வழிகள் பெரும்பாலும் மூன்று. கடையில் விற்கும் விலையைப் பார்த்து அதற்குக் கொஞ்சம் கீழே வைப்பது ஒன்று. சரக்கு வாங்கிய பணத்தை இரண்டால் பெருக்குவது இன்னொன்று. ஆன நேரத்தை அளந்து, கூலியைச் சரக்கோடு கூட்டி வைப்பது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம். ஆனால் முதல் வழியைத் தூக்கி எறிந்துவிட முடியாது என்பதையும் இந்தக் குழுவிடமே கற்றுக்கொண்டேன்.

கடை விலையைப் பார்த்து வைப்பது

பேர் பெற்ற கம்பெனியின் பொடி அதே எடைக்கு அந்த வட்டாரக் கடைகளில் 90 முதல் 110 ரூபாய் வரை போகிறது. "நம் பொடியை யாருக்குத் தெரியும்?" என்று தயங்கித் தயங்கி இவர்கள் 60க்கு வந்து நின்றிருந்தார்கள். இந்த வழியின் நல்ல பக்கம், வாங்குபவர் எவ்வளவு வரை கொடுப்பார் என்பதை அது சொல்லிவிடும். உங்களுக்கு என்ன செலவானது என்பதை மட்டும் அது சொல்லாது. கம்பெனி உளுந்தை லாரிக்கணக்கில் வாங்குகிறது, இயந்திரத்தில் வறுக்கிறது. மளிகைக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கி இரும்புச் சட்டியில் வறுப்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகலாம், ஆகாமலும் போகலாம். இரண்டில் எது என்பது தனியே கணக்குப் போட்டால்தான் தெரியும்.

பெட்டி விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். மூடி போட்ட பெரிய ஓலைப் பெட்டிக்கு உள்ளூரில் 250 ரூபாய் கிடைக்கும். அது எத்தனையோ ஆண்டுகளாக யாரும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் வளர்ந்து வந்த விலை. "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே முடைகிறோம்" என்று குழுவில் மூத்த அக்கா ஒருவர் சொன்னார். அந்தச் "சும்மா இருக்கிற நேரம்" பெட்டிக்கு ஏழு மணி நேரம் வருகிறது என்பதை அளந்த பிறகுதான் அவரே நம்பினார்.

சரக்கு விலையை இரட்டிப்பது

இது பயிற்சி வகுப்புகளிலும் அடிக்கடி காதில் விழும் முறை. மனக்கணக்காகப் போட்டுவிடலாம் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். பொடியில் அந்த 60 ரூபாய் கடை விலைக்குப் பயந்து வந்தது மட்டுமல்ல, இந்தக் கணக்கும் அதையே காட்டியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஓர் ஈட்டுக்கு உளுந்து 2 கிலோ 260 ரூபாய், கடலைப்பருப்பு 1 கிலோ 95, எள் அரைக் கிலோ 110, மிளகாய் வற்றல் அரைக் கிலோ 120, பெருங்காயம் 50 கிராம் 60, உப்பு கால் கிலோ 5. ஆக 650 ரூபாய், எடை 4 கிலோ 300 கிராம். அதை 200 கிராம் பொட்டலங்களாக வகுத்தால் இருபத்தொன்றரை வரும், பொட்டலத்துக்கு 30 ரூபாய். இரட்டித்தால் 60. கணக்கு முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, சட்டியில் போனதெல்லாம் பொட்டலத்துக்கு வருவதில்லை. புடைத்துக் கல்லும் பதரும் போகும், வறுக்கும்போது ஈரம் போகும், மில்லில் இயந்திரத்துக்குள் ஒட்டிக்கொள்வது கொஞ்சம், சல்லடையில் தங்குவது கொஞ்சம். அவர்களுடைய ஈட்டில் கைக்கு வந்தது 3 கிலோ 800 கிராம், 19 பொட்டலம். அரைத்து ஆறிய பிறகு ஒருமுறை மொத்தமாக நிறுத்துப் பார்த்தால் போதும், இந்த ஓட்டை தெரிந்துவிடும். அவர்கள் அதுவரை நிறுத்ததே இல்லை. இரண்டாவது, அரவைக் கூலி 80, எரிவாயு 50, கவரும் ஸ்டிக்கரும் பொட்டலத்துக்கு 6 வீதம் 114. இவை எதுவும் "சரக்கு" என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் சேர்த்தால் ஓர் ஈட்டுக்கு 894 ரூபாய், பொட்டலத்துக்கு 47. கடையிலிருந்து வருவது 48. அந்த 36 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

சரி, 47ஐ இரட்டித்து 94 என்று வைத்திருந்தால்? பொடிக்கு அது ஏறக்குறையச் சரியாகவே வந்திருக்கும். அதனால்தான் இந்த முறை ஆபத்தானது. சரக்கும் கைவேலையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கும் பொருளுக்கு மட்டும் தற்செயலாகப் பொருந்தி நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொள்ளும். அதே முறையைப் பெட்டிக்குப் போடுங்கள். குருத்தோலை, சாயம், சாயம் காய்ச்ச விறகு எல்லாம் சேர்த்து 60 ரூபாய். இரட்டித்தால் 120. ஏழு மணி நேர முடைச்சலுக்கு 60 ரூபாய், மணிக்கு ஒன்பது ரூபாய்கூட இல்லை. உள்ளூர்ச் சந்தையே இதைவிட நியாயமாக நடந்துகொள்கிறது.

நேரத்தை அளந்து வைப்பது

இதற்கு முதலில் கூலி என்ன என்று குழு கூடித் தீர்மானிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பேச்சு நீளும். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். அதை அடிக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குக் கீழே கூலி தரும் பொருளைச் செய்வதைவிட அந்த வேலைக்கே போய்விடலாம் என்பது அவர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே புரிந்தது. கைத்திறனும் வேண்டியிருப்பதால் எட்டு மணி நேரத்துக்கு 400, அதாவது மணிக்கு 50 ரூபாய் என்று முடிவு செய்தார்கள்.

அடுத்தது பொதுச் செலவு. மாதத்துக்கு அறை வாடகை 800, மின்சாரமும் போனும் 400, பஸ் செலவு 400, பதிவேடு எழுதும் பெண்ணுக்கு 600, உணவுப் பாதுகாப்புப் பதிவு, தராசுக்கு முத்திரை போன்றவற்றை மாதத்துக்குப் பிரித்தால் 200. ஆக 2,400. பதிவேடு எழுதும் பெண்ணுக்கு அதுவரை ஒன்றும் கொடுத்ததில்லை. வங்கிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைவதும் அவர்தான். அந்த 600ஐச் சேர்க்க வேண்டாம் என்று அவரே மறுத்தார். சேர்த்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவர் திருமணமாகிப் போய்விட்டால் அடுத்து வருபவர் இலவசமாகச் செய்வார் என்று என்ன நிச்சயம்?

குழுவினர் எல்லோரும் சேர்ந்து மாதத்தில் வேலை செய்வது சுமார் 480 மணி நேரம். 2,400ஐ 480ஆல் வகுத்தால் மணிக்கு 5 ரூபாய். இதைச் சரக்கின் மேல் சதவிகிதமாகப் போடாமல் நேரத்தின் மேல் போடுவதே நல்லது. உளுந்து விலை ஏறியதற்காக அறை வாடகை ஏறுவதில்லையே. ஆக ஒரு மணி நேரம் என்றால் கூலி 50, பொதுச் செலவு 5, மொத்தம் 55 ரூபாய்.

இனிப் பொடியைப் பார்ப்போம். ஓர் ஈட்டுக்கு இருவர் நான்கு மணி நேரம் வீதம் 8 மணி. 8ஐ 55ஆல் பெருக்கினால் 440, பொட்டலத்துக்கு 23. சரக்கு 47உடன் சேர்த்தால் அடக்க விலை 70. குழுவின் கையிருப்புக்குப் பத்தில் ஒரு பங்காக 7 சேர்த்தால் 77. கடைக்காரருக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு போக 77 கைக்கு வர வேண்டும் என்றால், 77ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். 96 ரூபாய் வருகிறது. 77க்கு 20 சதவிகிதம் கூட்டி 92 என்று வைத்தால் தவறு. கடைக்காரர் தம் பங்கை 92இல் கழிப்பார், கைக்கு 74 கூட வராது. பல குழுக்கள் சறுக்கும் இடம் இது. அச்சிடும் விலையை 100 என்று வைத்தோம். கடையிலிருந்து 80 வரும். கம்பெனிப் பொடியின் விலைக்கு நடுவிலேயே நிற்கிறது.

எல்லோருக்கும் ஒரே கூலியா, பெட்டிக்கு இவ்வளவு என்றா?

பெட்டி முடைய ஆகும் நேரத்தை மூன்று பேரிடம் அளந்தோம். கை தேர்ந்தவருக்கு ஆறு மணி, இன்னொருவருக்கு ஏழு, புதிதாகக் கற்றுக்கொண்டவருக்கு ஒன்பது. ஓலையை வார்வாராகக் கிழிப்பது, சாயத்தில் போட்டுக் காய்ச்சி உலர்த்துவது, முடையும் முன் நனைத்து வைப்பது எல்லாம் இதில் அடக்கம். முடையும் நேரத்தை மட்டும் அளந்தால் இரண்டு மணி நேரம் காணாமல் போய்விடும்.

மணிக் கூலி கொடுத்தால் மெதுவாக முடைபவருக்கு 450, வேகமாக முடைபவருக்கு 300 என்றாகும். அது நடக்காது. ஆகவே நடுவில் உள்ள ஏழு மணியை வைத்துப் பெட்டிக்கு 350 என்று நிர்ணயித்தோம். ஒன்பது மணி எடுத்துக்கொள்பவருக்கு மணிக்கு 39 ரூபாய்தான் கிடைக்கும், கை பழகப் பழக உயரும். 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனோடு தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத்திலும் கூலி இப்படித்தான். மாவை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்த்துக் கொண்டுவரும் அப்பளத்தின் எடைக்குத்தான் பணம்.

பொடிக்கு இது சரிப்படாது. ஒருவர் வறுக்கும்போது மற்றவர் மில்லில் வரிசையில் நிற்பார். யார் எத்தனை பொட்டலம் செய்தார் என்று எப்படிப் பிரிப்பது? சேர்ந்து செய்யும் வேலைக்கு மணிக் கூலியும் தனித்தனியாகச் செய்யும் வேலைக்கு எண்ணிக்கைக் கூலியும் என்று பிரித்துக்கொண்டதும் சச்சரவு அடங்கியது. இரண்டிலும் அடிப்படை அதே 50 ரூபாய்தான் என்பதால் பொடிக்காரர்களும் பெட்டிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பொருமவில்லை.

திரும்பி வரும் பொட்டலம்

சரியாக வைத்த விலையையும் கவிழ்க்கக்கூடியது, விற்காமல் திரும்பும் சரக்கு. ஓர் ஈட்டின் அடக்கம் 19 பொட்டலத்துக்கு 1,330 ரூபாய். எல்லாம் விற்றால் 80 வீதம் 1,520 வரும், 190 மிச்சம். இரண்டு பொட்டலம் காலாவதியாகித் திரும்பினால் வருவது 1,360, மிச்சம் 30. மூன்று திரும்பினால் நஷ்டம். அதனால் கடைக்கு ஒரே தடவையில் 40 கொடுப்பதைவிட, வாரம் 10 கொடுத்து, முந்தைய வாரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு வருவது நல்லது. பஸ் செலவு கூடும்தான். ஆனால் 45 நாள் கடனுக்குச் சரக்கை விட்டுவிட்டு, அடுத்த ஈட்டுக்கு உளுந்து வாங்கக் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் எடுப்பதைவிட அது மலிவு.

கண்காட்சியிலும், சுய உதவிக் குழுப் பொருள்களை விற்கும் மாவட்டத் தலைநகரின் பூமாலை வளாகத்திலும் நேரடியாக விற்கும்போது 77க்கே கொடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். கடையில் 100 விற்கும் பொருள் பக்கத்துத் தெருவில் 77க்குக் கிடைக்கிறது என்றால் கடைக்காரர் அடுத்த வாரம் வாங்க மாட்டார். நேரடி விற்பனையில் மிஞ்சும் தொகை, விற்க உட்காரும் பெண்ணின் கூலிக்கும் அவர் சாப்பாட்டுக்கும் போக வேண்டிய பணம். விற்பதும் வேலைதானே.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்டிக்கரில் விலையை அச்சடித்து ஆயிரக்கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். இந்தக் குழுவின் அலமாரியில் 60 ரூபாய் என்று அச்சான 700 ஸ்டிக்கர்கள் கிடந்தன. விலையை ஏற்ற அவர்கள் தயங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான். பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பதால் பழைய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வாயால் 100 கேட்கவும் முடியாது. கட்டிய தேதி போலவே விலைக்கும் இடம் விட்டு ரப்பர் ஸ்டாம்பால் குத்திக்கொண்டால், மிளகாய் விலை ஏறும்போது அடுத்த ஈட்டிலேயே மாற்றிவிடலாம்.

பெட்டியை என்ன செய்வது?

மணிக் கணக்கின்படி பெரிய பெட்டிக்குச் சரக்கு 60, ஏழு மணிக்கு 385, ஆக 445. கையிருப்புப் பங்கையும் சேர்த்தால் 490. கால் பங்கு கமிஷன் கேட்கும் நகரத்துக் கைவினைக் கடைக்குக் கொடுத்தால் அங்கே அச்சிடும் விலை சுமார் 650 ஆகும். உள்ளூர் விலையோ 250. எழுதிக் காட்டியதும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "650 கொடுத்து யார் வாங்குவார்கள்?" என்றார் அந்த மூத்த அக்கா.

மூன்றாவது வழியின் எல்லை இதுதான். நேர்மையான அடக்க விலையைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்த விலைக்கு வாங்க ஆளைப் பிடித்துத் தருவது அதன் வேலை அல்ல. இங்கேதான் முதல் வழி மறுபடி தேவைப்படுகிறது. விலை வைக்க அல்ல, எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்க. சந்தை விலையிலிருந்து சரக்கைக் கழித்து மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தோம். பெரிய பெட்டி 250இல் 60 போக 190, ஏழால் வகுத்தால் மணிக்கு 27 ரூபாய். எட்டு மணி நாளுக்கு 217 வருகிறது, நூறு நாள் வேலையின் கூலிக்கு வெகு கீழே. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் மணிக்கு என்ன கிடைக்கிறது என்று எழுதி வரிசைப்படுத்தினால், எதற்கு விலை கூட்டிக் கேட்க வேண்டும், எதை உள்ளூர்ச் சந்தைக்குச் செய்வதை நிறுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அந்த வரிசையில் மேலே வந்தது, யாரும் பொருட்படுத்தாத சின்ன மூடிப் பெட்டி. கருப்பட்டி மிட்டாயோ வெற்றிலை பாக்கோ வைக்கும் அளவு. சரக்கு 20 ரூபாய், நேரம் ஒன்றரை மணி, அதற்கு 82 ரூபாய் 50 காசு. கையிருப்புப் பங்கோடு 113. கல்யாண வீட்டில் தாம்பூலப் பைக்குப் பதிலாகக் கொடுக்க இதை மொத்தமாகக் கேட்கிறவர்கள் உண்டு. நடுவில் கடையும் இல்லை, திரும்பி வரும் சரக்கும் இல்லை. 115 என்று சொன்னோம். கேட்டவர் 100க்கு இறக்கப் பார்த்தார். 100க்கு இறங்கினால் அடக்க விலையான 102 ரூபாய் 50 காசுக்கும் கீழே போகிறது, யாருடைய கூலியையாவது வெட்ட வேண்டும். அந்தக் கணக்குத் தாளையே அவரிடம் காட்டினார் பதிவேடு எழுதும் பெண். பெட்டியின் மூடியில் சாய ஓலை வரிசையைக் குறைத்தால் நேரம் கொஞ்சம் மிச்சமாகும், 105க்குத் தரலாம் என்றும் சொன்னார். கேட்டவர் சாயத்தோடேயே 115க்கு எடுத்துக்கொண்டார்.

200 பெட்டி. வந்தது 23,000 ரூபாய். சரக்குக்கு 4,000, பெட்டிக்கு 75 வீதம் கூலி 15,000, பொதுச் செலவுக்கு 1,500, கையிருப்பில் 2,500. பத்துப் பெண்கள் காலையும் மாலையுமாக நாளுக்கு நான்கு மணி நேரம் முடைந்து எட்டு நாளில் முடித்தார்கள். மழைக்காலத்தில் பனையேற ஆள் கிடைக்காமல் குருத்தோலை விலை ஏறும் என்பதால், அந்த 2,500இல் பெரும் பகுதிக்கு ஓலையே வாங்கி உலர்த்திக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய பெட்டியை இப்போது யாராவது கேட்டு முன்பணம் கொடுத்தால் மட்டும் முடைகிறார்கள், 490க்கு.